புல்தானில் "மே" என்ற சொல்லுக்குப் பிறகு வருவதை வாசியுங்கள்

பிரான்சில் என் மகன் கொலேஜில் சேர்ந்த முதல் தவணை முடிந்து, புல்தான் என்ற தவணை அறிக்கைத் தாள் வந்தபோது, பிரெஞ்சு ஆசிரியை அவனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "எலேவ் செரியூ, மே த்ரே திஸ்க்ரே." செரியூ என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. நம் காதுக்கு "சீரியஸ்" என்றால் ஆஸ்பத்திரி, ஐசியூ, ஆபத்து. பிள்ளை ஏதோ பெரிய பிரச்சினையில் இருக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த பாதியைப் பார்த்துத்தான் மனம் ஆறியது. திஸ்க்ரே என்றால் அமைதியானவன், அடக்கமானவன். அதாவது பிள்ளை வகுப்பில் சத்தம் போடாமல் இருக்கிறான், நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டையும் நான் தலைகீழாக வாசித்திருந்தேன். செரியூ என்பது பாராட்டு: ஒழுங்காக வேலை செய்கிறான், பொறுப்பாக இருக்கிறான். முறைப்பாடு இருந்தது "மிகவும் அமைதி" என்ற பாதியில்தான். கையை உயர்த்துவதில்லை, கேட்டாலொழிய வாய் திறப்பதில்லை, அவனுக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்று அந்த ஆசிரியை சொல்லியிருந்தார். அடுத்த தவணையும் அதே வரி வந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

பிரான்சில் பிள்ளை வளர்க்கும் எங்களில் பலருக்கு இந்தத் தாளை வாசித்துச் சொல்பவர் பிள்ளைதான். பிள்ளை பொய் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை சொல்லைச் சொல்லாக மொழிபெயர்க்கும்; அந்தச் சொல்லின் எடை அதற்கும் தெரியாது. ஆகவே கொலேஜ் புல்தானை எப்படி வாசிப்பது என்று இங்கே எழுதுகிறேன். கொலேஜ் என்பது கல்லூரி அல்ல; 6ஆம் வகுப்பில் தொடங்கி 5, 4 என்று இறங்கி 3இல் முடியும் நான்கு ஆண்டுகள், ஏறத்தாழ 11 முதல் 15 வயது வரை. பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். பிள்ளையை வாசிக்கச் சொன்னால் இந்த ஒலிகள் காதில் விழும்.

முதலில் இலக்கங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரிசை இருக்கும். பாடத்தின் பெயர், ஆசிரியரின் பெயர், பிள்ளையின் சராசரி, வகுப்பின் சராசரி, பிறகு ஆசிரியரின் குறிப்பு. சராசரிக்கு முவாயென் என்று பெயர். புள்ளிகள் 20க்கு. சில கொலேஜ்களில் கீழ் வகுப்புகளுக்குப் புள்ளிக்குப் பதிலாக இலக்கை எட்டவில்லை, ஓரளவு எட்டியது, எட்டியது, தாண்டியது என்ற நான்கு படிகள் இருக்கும். ஆனால் பெரும்பாலும் நாம் பார்ப்பது 20க்கான புள்ளிதான்.

இங்கேதான் நம்மவர் முதலில் தடுக்கி விழுவது. 12 என்று கண்டால் உடனே ஐந்தால் பெருக்கி 60 என்கிறோம். ஊரில் ஓ.எல். பரீட்சையில் 75 எடுத்தால்தான் ஏ. ஆகவே 60 என்பது நம் மனதில் சுமாரான பிள்ளையின் புள்ளி. இந்தக் கணக்கு இங்கே செல்லாது. பிரெஞ்சு ஆசிரியர்கள் 20க்கு 20 கொடுப்பது அபூர்வம். அதுவும் கட்டுரை எழுதும் பாடங்களில் 16 என்பதே மிக உயரம். 3ஆம் வகுப்பு முடிவில் எழுதும் ப்ரெவே பரீட்சையிலும், கொலேஜுக்கு அடுத்ததான லிசே முடிவில் எழுதும் பக் பரீட்சையிலும் தரச் சிறப்பு தொடங்குவதே 12இல்தான். 12க்கு "அசே பியான்", 14க்கு "பியான்", 16க்கு "த்ரே பியான்". ஆகவே 14 எடுத்து வரும் பிள்ளையிடம் "ஏன் 18 இல்லை" என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் குறை சொன்னவர்களாகிறோம். மறுபக்கம், 10 என்பது பாதி என்பதால் "தப்பிவிட்டது" என்று ஆறுதல் கொள்வதும் பிழை. 10 என்றால் நடுக்கோட்டில் நிற்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளையின் புள்ளியைத் தனியாகப் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் வகுப்புச் சராசரியோடு சேர்த்துப் பாருங்கள். கணிதத்தில் 11, வகுப்புச் சராசரி 9.5 என்றால் அந்த ஆசிரியர் கடுமையாகத் திருத்துகிறார், அல்லது அந்தத் தவணைப் பாடம் எல்லோருக்கும் கடினம். பிள்ளை நன்றாகத்தான் செய்கிறது. அதே 11, வகுப்புச் சராசரி 14.5 என்றால் பெரும்பாலானவர்களுக்கு எளிதாக இருந்தது இந்தப் பிள்ளைக்குக் கடினமாக இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே 11 அல்ல.

புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் கவனியுங்கள். கொலேஜ் புள்ளிகளை இணையத்தில் காட்டும் ப்ரோநோட் திரையில் Abs என்றால் அந்தச் சோதனை நாளில் பிள்ளை வரவில்லை. Disp என்றால் விலக்கு, எடுத்துக்காட்டாக மருத்துவச் சான்றோடு விளையாட்டுப் பாடத்திலிருந்து. N.Not என்றால் புள்ளி இடப்படவில்லை. ஒரு தவணையில் இரண்டே இரண்டு சோதனை எழுதி, அதில் ஒன்று Abs என்றால், கண்ணில் படும் சராசரி ஒரே ஒரு தாளின் புள்ளி. அதை வைத்து மகிழவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம்.

குறிப்பு யாருடைய கையால் வந்தது

எல்லா ஆசிரியரின் குறிப்புக்கும் ஒரே எடை கிடையாது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கணக்குப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். கொலேஜ் ஆசிரியர் ஒருவர் பொதுவாக வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பெடுக்கிறார். சங்கீதம் ஒரு வகுப்புக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். ஆகவே அந்த ஆசிரியருக்குப் பதினெட்டு வகுப்புகள், வகுப்புக்கு 25 பேர் என்று வைத்தாலும் 450 பிள்ளைகள். அத்தனை பேருக்கும் சில நாட்களில் குறிப்பெழுத வேண்டும். அவர் "நல்ல தவணை" என்று எழுதினால் அதற்கு மேல் அதில் துருவ ஒன்றுமில்லை. பிரெஞ்சு ஆசிரியருக்கோ ஒரே வகுப்போடு வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல். நான்கைந்து வகுப்புகள்தான் இருக்கும். அவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியும். பிரெஞ்சு, கணிதம் இரண்டின் குறிப்புகளையும் சொல் சொல்லாக வாசியுங்கள்.

"மே" என்றால் "ஆனால்"

பிரெஞ்சு ஆசிரியர்கள் பெரும்பாலும் நல்லதை முதலில் சொல்லி, "மே" போட்டு, பிறகு தாங்கள் சொல்ல வந்ததைச் சொல்வார்கள். முதல் பாதி மரியாதைக்கு என்று தள்ளிவிட வேண்டாம், அதுவும் உண்மைதான். ஆனால் நீங்கள் வீட்டில் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் அது இரண்டாம் பாதியில் இருக்கும். பிள்ளைகள் வாசித்துக் காட்டும்போது பெரும்பாலும் "மே"க்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். "அம்மா, நல்ல தவணை என்று எழுதியிருக்கு." சரி, அதற்குப் பிறகு?

இதற்கு நேர்மாறாக வேலை செய்யும் சொல் "மல்க்ரே". "இருந்தும்" என்று பொருள். "முயற்சி இருந்தும் புள்ளிகள் போதவில்லை" என்று ஒரு குறிப்பு வந்தால், அதை ஏச்சாக எடுக்கக்கூடாது. பிள்ளை உழைக்கிறது, நான் பார்க்கிறேன், உழைப்பு மட்டும் போதவில்லை, வேறு உதவி தேவை என்று ஆசிரியர் பிள்ளையின் பக்கம் நின்று எழுதுகிறார். புள்ளி 7 என்றாலும் அந்தக் குறிப்புக்காகப் பிள்ளையை ஏசினால் அநியாயம்.

குறை எங்கே இருக்கிறது

நான் இப்போது ஒவ்வொரு குறிப்பிலும் தேடுவது ஒரே ஒரு விடையைத்தான்: ஆசிரியர் குறையை எங்கே கண்டிருக்கிறார்? அடித்தளத்திலா, படிக்கும் முறையிலா, உழைப்பிலா, வகுப்பில் நடந்துகொள்ளும் விதத்திலா? இது முக்கியம், ஏனென்றால் நமக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். புள்ளி குறைந்தால் ரியூஷன். ஆனால் இந்த நான்கில் ரியூஷன் நேராகப் பலன் தருவது முதலாவதற்கு மட்டும்.

அடித்தளம் என்றால் வரும் சொல் "லகுன்". ஓட்டைகள், இடைவெளிகள் என்று பொருள். முந்தைய ஆண்டுகளில் பிடித்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று பிடிபடவில்லை. "ஃப்ராஜில்" என்ற சொல்லும் இதனோடு வரும்: உடைந்துவிடவில்லை, ஆனால் தாங்காது. "பாஸ்களை உறுதிப்படுத்து" என்று வந்தாலும் இதுதான்; பாஸ் என்றால் அடிப்படை. இங்கே இந்த ஆண்டுப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதில் பலனில்லை. பின்னங்கள் 6ஆம் வகுப்பிலேயே விளங்காத பிள்ளை 4ஆம் வகுப்பில் சமன்பாடு செய்ய முடியாது. பின்னுக்குப் போய் அந்த இடத்தை அடைக்க வேண்டும். ரியூஷன் மாஸ்டரிடம் "கணக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று விடாமல், எந்த இடத்தில் லகுன் என்று ஆசிரியரிடம் கேட்டு அதைச் சொல்லி விட்டால்தான் காசுக்குப் பயன்.

முறை என்றால் வரும் சொற்கள்தான் நமக்கு அதிகம் விளங்காதவை. முதலாவது "ஸ்கொலேர்". பாடசாலைக்குரிய என்று பொருள், பார்க்க ஒரு குற்றமும் தெரியாது. ஆனால் "எலேவ் ஸ்கொலேர்" என்றால், சொன்னதைச் செய்கிறது, கொடுத்ததைப் பாடமாக்குகிறது, அதற்கு மேல் தானாக யோசிப்பதில்லை என்று பொருள். பாடமாக்குவது நம்மிடம் பெருமை. ஒரு பந்தியை வரி பிசகாமல் ஒப்பித்தால் நாங்கள் கைதட்டுவோம். இங்கே வரலாற்றுத் தாளில் ஆவணம் ஒன்றைக் கொடுத்து, இதை எழுதியவர் யார், ஏன் எழுதினார், இது எதைக் காட்டுகிறது என்று கேட்பார்கள். பாடத்தை அப்படியே எழுதிவைத்தால் பாதிப் புள்ளிதான். "ஆழமாகப் போகவில்லை", "மேலோட்டமாக இருக்கிறது", "முறையைத் திருத்து" என்பவையெல்லாம் இந்தக் கூட்டம்தான். வீட்டில் செய்யக்கூடியது, பாடம் முடிந்ததும் ஒப்பிக்கச் சொல்வதற்குப் பதிலாக, புத்தகத்தை மூடிவிட்டு எனக்கு விளங்கும்படி தமிழில் சொல் என்று கேட்பது. சொந்த வார்த்தையில் சொல்ல முடிந்தால் விளங்கியிருக்கிறது. இதற்குப் பெற்றோருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கத் தேவையில்லை.

உழைப்பு என்றால் எல்லோரும் அறிந்த "பெ மியூ ஃபேர்", இன்னும் நன்றாகச் செய்யலாம். அதைவிடத் தெளிவான குறிப்பு, பிள்ளையிடம் "கபசித்தே" இருக்கிறது, பயன்படுத்துவதில்லை என்பது. கபசித்தே என்றால் திறமை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு உறவினரிடம் சொல்லி மகிழ்ந்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். பாராட்டு அல்ல. முடியாத பிள்ளை என்று நான் நினைக்கவில்லை, செய்யாத பிள்ளை என்று நினைக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். "மரம் அரியும் வாளின் பற்கள் போல" என்று ஒரு சொற்றொடரும் வரும், ஆன் தான் து சீ: புள்ளி ஒரு முறை 15, மறுமுறை 6, ஏறி இறங்குகிறது. அதுவும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்பதன் அடையாளம்.

நடத்தைக்கு மிகவும் பழகிய சொல் "பவார்தாஜ்", வகுப்பில் கதைப்பது. ஒரு ஆசிரியர் எழுதினால் பக்கத்தில் இருக்கும் நண்பன் காரணமாக இருக்கலாம். நான்கு ஆசிரியர்கள் எழுதினால் அது பழக்கம். இதன் மறுமுனையில்தான் என் மகனின் "திஸ்க்ரே" இருந்தது. பிள்ளை வகுப்பில் பேசுவதற்கு, "ஓரால்" என்று சொல்வார்கள், இங்கே மதிப்பு அதிகம். பிழையாகச் சொன்னாலும் கையை உயர்த்துவது நல்லது என்று கருதுகிறார்கள். பெரியவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிரு என்று நாங்கள் வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். பிள்ளை அதை வகுப்பிலும் கடைப்பிடிக்கிறது. புல்தானில் அது குறையாக வருகிறது. பிள்ளையின் பிழை என்று அதைச் சொல்ல முடியாது. வகுப்பில் வாய் திறப்பது மரியாதைக் குறைவு அல்ல என்று நாங்களே பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்ன பிறகுதான் என் மகன் கையை உயர்த்தத் தொடங்கினான்.

சிறு சொற்கள், பெரிய வித்தியாசம்

"ஜுஸ்த்" என்றால் சரி, நியாயம் என்றுதான் நாம் கற்றிருக்கிறோம். ஆனால் "த்ரிமெஸ்த்ர் அன் பெ ஜுஸ்த்" என்றால் தவணை மட்டுமட்டு, கரணம் தப்பினால் மரணம் என்ற நிலை. கடையில் சப்பாத்து இறுக்கமாக இருந்தால் அதற்கும் இதே சொல்தான். "கொன்வெனாபிள்" என்றால் ஏற்கத்தக்கது; குறை சொல்ல ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை. "சத்திஸ்ஃபெசான்" அதைவிட மேல், திருப்தி. "வொலொந்தேர்" தொண்டர் அல்ல, விருப்பத்தோடு முன்வருகிற பிள்ளை, நல்ல சொல். "எலேவ் அக்ரெஆபிள்", இனிமையான பிள்ளை என்பது மட்டும் தனியாக வந்து, படிப்பைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் கவனியுங்கள். படிப்பில் சொல்ல நல்லது கிடைக்காதபோது ஆசிரியர் குணத்தைப் பாராட்டி எழுதுவதுண்டு.

அடியில் இருக்கும் பெட்டி

தாளின் அடியில் இருப்பது தனி ஆசிரியரின் குறிப்பு அல்ல. தவணை முடிவில் கொன்செய் து கிளாஸ் என்ற கூட்டம் நடக்கும். அதிபர் அல்லது அவர் சார்பில் ஒருவர் தலைமையில், வகுப்பின் ஆசிரியர்கள், மாணவப் பிரதிநிதிகள் இருவர், பெற்றோர் பிரதிநிதிகள் இருவர் இருந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சில நிமிடம் பேசுவார்கள். அங்கே முடிவான வாசகம்தான் அடிப்பெட்டியில் வருவது.

அதோடு ஒரு சிறப்புச் சொல்லும் வரலாம். மேலே "ஃபெலிசித்தாசியோன்", வாழ்த்து. அதற்குக் கீழே "கொம்ப்ளிமான்", பாராட்டு. பிறகு "ஆன்குராஜ்மான்", ஊக்கம். எந்தச் சராசரிக்கு எது என்று நாடு முழுவதற்கும் ஒரு விதி கிடையாது, ஒவ்வொரு கொலேஜும் தானே வைத்துக்கொள்கிறது. இந்தச் சொற்களை முழுவதும் கைவிட்ட கொலேஜ்களும் இருக்கின்றன. ஆகவே பெட்டி வெறுமையாக இருந்தால் முதலில் உங்கள் கொலேஜில் அந்த வழக்கம் உண்டா என்று கேளுங்கள். ஆன்குராஜ்மானை மூன்றாம் பரிசு என்று நினைக்க வேண்டாம். சராசரி 9 இருக்கும் பிள்ளைக்கும் அது கிடைக்கும், 13 இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காமலும் போகும். அது புள்ளிக்கு அல்ல, முயற்சிக்குக் கொடுப்பது.

எச்சரிக்கைகளில் "மீஸ் ஆன் கார்த்" மெல்லியது, "அவர்திஸ்மான்" கடுமையானது. அவர்திஸ்மான் என்ற சொல் இரண்டு இடத்தில் வரும். புல்தானில் "த்ரவாய்" என்று சேர்ந்து வந்தால் படிப்பில் உழைப்பு போதாது என்று கூட்டம் எச்சரிக்கிறது. ஒழுக்கப் பிரச்சினைக்காக அதிபர் தனிக் கடிதமாக அனுப்பும் அவர்திஸ்மான் வேறு. அது சட்டப்படி வரையறுத்த தண்டனைப் படிகளில் முதலாவது. தாளில் கண்டதும் பிள்ளையை வெளியேற்றப் போகிறார்கள் என்று நடுங்க வேண்டாம், எது என்று பாருங்கள்.

வராத நாட்களும் அங்கேயே இருக்கும், ஆனால் அரை நாள் கணக்கில். 8 என்று இருந்தால் நான்கு நாள். அதில் காரணம் ஏற்கப்படாதவை எத்தனை என்று தனியாக இருக்கும். ஒரு மாதத்தில் அப்படி நான்கு அரை நாள் சேர்ந்தால் அதிபர் கல்வி அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல், எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

ஒரு தாளை வாசித்துப் பார்ப்போம்

4ஆம் வகுப்பில், இரண்டாம் தவணையில் இருக்கும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பல தாள்களில் நான் பார்த்த வரிகளைச் சேர்த்து இதை அமைத்திருக்கிறேன்.

பிரெஞ்சு: பிள்ளை 11.2, வகுப்பு 11.8. "பொறுப்பான மாணவி, ஆனால் மிகவும் அமைதி. எழுத்து முன்னேறுகிறது."
கணிதம்: 8.6, வகுப்பு 11.5. "முயற்சி இருந்தும் தவணை மட்டுமட்டு. பின்னங்களில் லகுன்."
வரலாறு: 12.4, வகுப்பு 12.9. "கொன்வெனாபிள். வேலை கொஞ்சம் ஸ்கொலேர்."
பௌதிகம்: 8.9, வகுப்பு 12.2. "இறங்குகிறது. கபசித்தே இருக்கிறது. பவார்தாஜ்."
ஆங்கிலம்: 14.7, வகுப்பு 13. "நல்ல தவணை."
அடியில்: ஆன்குராஜ்மான்.

புள்ளியை மட்டும் பார்க்கும் வீட்டில் கணிதம் 8.6, பௌதிகம் 8.9, இரண்டுக்கும் ரியூஷன் என்று முடிவாகிவிடும். குறிப்பை வாசித்தால் இரண்டும் ஒன்றல்ல. கணிதத்தில் பிள்ளை உழைக்கிறது, பின்னத்தில் ஓட்டை. அங்கே ரியூஷன், அதுவும் பின்னங்களுக்கு மட்டும், ஓரிரு மாதம். பௌதிகத்தில் விளங்காமை ஒன்றுமில்லை, பக்கத்தில் யாரோடோ கதை. அதற்கு ரியூஷன் காசு வீண். இருக்கையை மாற்றச் சொல்லி ஆசிரியருக்கு ஒரு செய்தி போட்டால் போதும். மற்றப் பாடங்களில் பவார்தாஜ் இல்லை, பிரெஞ்சில் அமைதி என்றுகூட எழுதியிருக்கிறது. ஆகவே குணம் அல்ல, அந்த வகுப்பில் மட்டும் நடக்கும் ஒன்று.

பிரெஞ்சில் 11.2 என்பது வகுப்போடு ஒட்டி நிற்கிறது, எழுத்து முன்னேறுகிறது, கவலை இல்லை. வாய் திறக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வரலாற்றில் 12.4 நல்ல புள்ளி போலத் தெரிந்தாலும், நான் கண் வைப்பது அங்கேதான். பாடமாக்கி எடுத்த புள்ளி அது. அடுத்த ஆண்டு ப்ரெவே. ஆவணங்களை விளக்கும் கேள்விகள் கூடும்போது பாடமாக்குவது கைகொடுக்காது. அடியில் இருக்கும் ஆன்குராஜ்மான் சொல்வது, இரண்டு பாடத்தில் 9க்குக் கீழே இருந்தாலும் கூட்டத்தில் இருந்தவர்கள் இந்தப் பிள்ளையை உழைக்கிற பிள்ளையாகப் பார்த்தார்கள் என்பதை.

ஆசிரியரிடம் போகும்போது

பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஆசிரியரோடு கிடைப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு. "என் பிள்ளை எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை, இனிமையான பிள்ளை" என்று பதில் வந்து நேரம் முடிந்துவிடும். புல்தானைக் கையில் கொண்டுபோய், அவர் எழுதிய சொல்லிலேயே விரலை வைத்துக் கேளுங்கள்: எந்தப் பகுதியில் லகுன்? முறை என்று எழுதினீர்களே, ஒரு தாளைக் காட்டி எங்கே பிழை என்று சொல்ல முடியுமா? கொலேஜுக்குள்ளேயே வீட்டுப்பாடம் செய்ய உதவும் இலவச நேரம் இருக்கிறது, அதற்குத் "துவார் ஃபே" என்று பெயர். அதில் இடம் இருக்கிறதா? மொழி தடையென்றால் பிள்ளையைத் தவிர வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே மொழிபெயர்க்கும் நிலையில் 12 வயதுப் பிள்ளையை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

3ஆம் வகுப்பில் மட்டும் இந்த வாசிப்பு அவசரமாகிறது. இரண்டாம் தவணையில், அடுத்த ஆண்டு பொது லிசேக்குப் போவதா, தொழில் லிசேக்கா, தொழிற்சான்றிதழான சே-ஆ-பேக்கா என்று குடும்பம் தற்காலிக விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டம் அதற்குக் கருத்துச் சொல்லும். "ஃப்ராஜில்", "பொது வழிக்கு அடித்தளம் போதாது" என்ற சொற்கள் அந்தப் புல்தானில் வந்தால் அது வெறும் அறிவுரை அல்ல, மூன்றாம் தவணையில் வரப்போகும் முடிவின் முன்னறிவிப்பு. அப்போதே வகுப்புப் பொறுப்பாசிரியரைச் சந்தித்தால் இன்னும் ஒரு தவணை கையில் இருக்கிறது. ஆண்டு முடிவில் கூட்டத்தின் முடிவோடு உடன்படாவிட்டால் முதலில் அதிபரோடு பேச்சு. அவரும் மாறாவிட்டால், அவருடைய முடிவு கைக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அந்த மூன்று நாளில் ஒரு தாளை முதன்முறையாக வாசிக்கத் தொடங்க நேரம் போதாது. அதனால் 6ஆம் வகுப்பிலிருந்து வந்த எல்லாப் புல்தான்களையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஒவ்வொன்றிலும் "மே"க்குப் பிறகு வந்த சொற்களுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.